ஒரு நிமிடத்தில் படிக்க ஒரு தாள்: நம் சேவைத் தாளை ஏன், எப்படி மாற்றினோம்



இந்த இதழுடன் ஒரே ஒரு தாள் இணைத்திருக்கிறோம். நம் அறக்கட்டளையின் புதிய சேவைத் தாள் அது. இதுவரை உங்கள் வீட்டிலும் கடையிலும் இருந்த நான்கு மடிப்பு வண்ணக் கையேட்டுக்குப் பதிலாக இனி இது இருக்கும். கையேட்டை அச்சிட நிதி தந்த சிலர், “அவ்வளவு அழகான கையேட்டை ஏன் நிறுத்தினீர்கள்?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகவும், நீங்களும் இந்தத் தாளைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, மலையின் உள்நாட்டிலிருந்து ஒரு மலையாளிக் குடும்பம் நம் அலுவலகத்துக்கு வந்தது. கணவர், மனைவி, கைக்குழந்தை. கணவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தெரிந்தவர் ஒருவர் நம் கையேட்டைக் கொடுத்து, “மருத்துவ உதவி செய்வார்கள், போய்ப் பாருங்கள்” என்று அனுப்பியிருக்கிறார். பேருந்து வராத ஊரிலிருந்து பாதி வழி நடந்து, பாதி வழி ஜீப்பில் வந்திருந்தார்கள். இருவருக்கும் அன்றைய கூலி போயிற்று. நம்மிடம் இருப்பதோ, மருத்துவமனைக்குப் போய்வரும் செலவுக்கான சிறு தொகை மட்டுமே. அறுவை சிகிச்சைக்கு நாம் பணம் கொடுப்பதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று விசாரித்து, விண்ணப்பத்துக்கு வழி சொல்லி, ஜீப் செலவைக் கொடுத்து அனுப்பினோம். அதற்குள் ஊருக்குப் போகும் கடைசி வண்டி போய்விட்டது. அன்றிரவு அவர்கள் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் தங்கினார்கள்.

அனுப்பியவர் மீது குற்றமில்லை. நம் கையேட்டில் ‘மருத்துவ உதவி’ என்று இரண்டே சொல் இருந்தது. அவர் அதை அவருக்குத் தெரிந்த பொருளில் எடுத்துக்கொண்டார். தவறு எழுதிய நம்முடையது. கையேட்டை எழுதியவன் என்ற முறையில் என்னுடையது.

அதன் பிறகுதான் ஒன்று புரிந்தது. அந்தக் கையேட்டை நாம் நன்கொடையாளர்களை மனத்தில் வைத்து எழுதியிருந்தோம். அறக்கட்டளை தொடங்கிய வரலாறு, நிர்வாகிகளின் படம், ஆண்டு விழாப் படம், பதினொரு சேவைகளின் பட்டியல் எல்லாம் அதில் இருந்தன. நன்கொடையாளருக்கு அவை வேண்டும். ஆனால் நம்மிடம் ஆளை அனுப்புகிறவர்கள் வேறு மனிதர்கள்: கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடி ஊழியர், உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர், மருந்துக் கடைக்காரர், பள்ளிவாசல் இமாம், மிளகும் காப்பியும் வாங்கும் நம் வியாபாரிகள். இவர்கள் முன் ஒரு ஆள் நிற்கும்போது இவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்த ஆளை அங்கே அனுப்பலாமா, கூடாதா? அனுப்பினால் கையில் என்ன கொடுத்து அனுப்ப வேண்டும்? இதற்கு அவர்களிடம் இருப்பது ஒரு நிமிடம். வரிசையில் அடுத்த ஆள் நிற்கிறார்.

புதிய தாள் இந்த ஒரு கேள்விக்கான பதில் மட்டுமே. அதை எழுதும்போது நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

பதினொன்று எப்படி மூன்றானது

பழைய பட்டியலில் ரமலான் உணவுப் பொருள், குர்பானி இறைச்சி, ஜனாஸா ஏற்பாடு, கோடைக்கால மக்தப், திருமண உதவி, இலவசக் கண் பரிசோதனை முகாம் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றும் நாம் செய்வதுதான். எதை நீக்குவது என்று செயற்குழுவில் இரண்டு கூட்டம் பேசினோம். கடைசியில் ஒரு சல்லடை கிடைத்தது: வேறு ஒருவர் அனுப்பி, வருடத்தின் எந்த மாதத்திலும் ஒருவர் வந்து கேட்டால், நாம் கொடுக்கக்கூடியது எது? அது மட்டும் தாளில் இருக்கட்டும்.

ரமலான் பொருளும் குர்பானியும் அந்தந்தக் காலத்தில் மட்டும் நடப்பவை. ஜும்ஆவில் அறிவித்தாலே வேண்டியவர்களுக்குத் தெரிந்துவிடும். ஜனாஸா ஏற்பாடு ஜமாஅத்தாருக்குத் தெரியும், செவிலியர் அதற்கு ஆள் அனுப்பப் போவதில்லை. கண் முகாம் ஆண்டுக்கு ஒரு முறை, அதற்குத் தனி நோட்டீஸ் உண்டு. திருமண உதவி நிதி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதை நம்பி ஒருவரை வரச் சொல்ல முடியாது. மீதி நின்றவை மூன்று: மருத்துவப் பயணச் செலவு, பள்ளிச் செலவு, அரசு விண்ணப்பங்களை எழுதித் தருவது.

நீக்கிய சேவைகளை நாம் நிறுத்திவிடவில்லை. தாளில் எழுதவில்லை, அவ்வளவுதான். இதை அழுத்திச் சொல்லக் காரணம், “ஜனாஸா வண்டி இனிமேல் கிடையாதாமே” என்று ஒரு பேச்சு இதற்குள் கிளம்பிவிட்டது.

நம் சொற்கள் வெளியாருக்குப் புரியவில்லை

பழைய கையேட்டில் ஒரு வரி: ‘ஏழை எளியோருக்கு ஜகாத், ஸதகா நிதியிலிருந்து மருத்துவ உதவி வழங்கப்படும்.’ நமக்கு இது தெளிவான வரி. ஆனால் ஒரு செவிலியரிடம் கேட்டபோது அவர் சொன்னது: “அது உங்கள் ஆட்களுக்கு மட்டும் என்று நினைத்தேன் பாய். அதனால் நான் யாரையும் அனுப்பவில்லை.” அவர் பார்க்கும் நோயாளிகளில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். ஒரு சொல் புரியாததால் எத்தனை பேர் வராமல் போனார்களோ, அல்லாஹ்வே அறிவான்.

இங்கே நம் வாசகர்களுக்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஜகாத் பெற உரிய எட்டு வகையினரைத் திருக்குர்ஆனின் அத்தவ்பா அத்தியாயம் 60-ஆம் வசனம் வரையறுத்துவிட்டது. நம் பகுதியில் பின்பற்றப்படும் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் சட்டப்படி அந்தப் பணத்தை முஸ்லிமல்லாத ஏழைக்குக் கொடுக்க முடியாது. நஃபிலான ஸதகாவை யாருக்கும் கொடுக்கலாம், அதற்கும் கூலி உண்டு. ஆகவே நம் அலுவலகத்தில் இரண்டு கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. ஜகாத் என்று சொல்லிக் கொடுத்த பணம் ஒன்றில், பொதுவாகக் கொடுத்த பணம் மற்றொன்றில். வந்தவர் யார் என்று பார்த்து, எந்தப் புத்தகத்திலிருந்து கொடுப்பது என்பதை முடிவு செய்வது நம் வேலை.

அது நம் வேலையாக இருப்பதால்தான் தாளில் அதை எழுதவில்லை. அனுப்புகிறவருக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. புதிய தாளில் ‘சாதி, சமயம் பார்ப்பதில்லை’ என்று மட்டும் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு, “நாங்கள் கொடுத்த ஜகாத் எங்கே போகிறது?” என்று நீங்கள் கலங்க வேண்டாம். இரண்டாவது புத்தகத்தில் பணம் தீர்ந்தால் அந்த வரியை நாம் காப்பாற்ற முடியாது என்பதும் உண்மை. ஆகவே ஜகாத்தைத் தனியாகவும், பொது ஸதகாவைத் தனியாகவும் சொல்லிக் கொடுங்கள்.

இதே போல இன்னொரு சொல். ‘அலுவலக நேரம்: அஸர் தொழுகைக்குப் பின்’ என்று கையேட்டில் இருந்தது. அஸர் எப்போது என்று ஆசிரியைக்கு எப்படித் தெரியும்? நமக்குள்ளேயே ஹனஃபி நேரத்துக்கும் ஷாஃபிஈ நேரத்துக்கும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் வித்தியாசம் வரும். கடிகார நேரத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் அடுத்த தவறு தெரிந்தது. மாலையில் வருகிறவருக்குத் திரும்பிப் போக வண்டி இல்லை. மேலே சொன்ன குடும்பத்துக்கு நேர்ந்தது அதுதான். நிர்வாகிகளின் கடை வேலைக்கு வசதியாக இருந்ததால் மாலை நேரத்தை வைத்திருந்தோம். இப்போது காலை 10 முதல் 1 வரை என்று மாற்றி, நிர்வாகிகள் முறை வைத்து உட்காருகிறார்கள். தாளை எழுதியதால் அலுவலக நேரமே மாறியது.

தொகையையும் இல்லை என்பதையும் எழுதுவது

இதில்தான் செயற்குழுவில் வாக்குவாதம் நடந்தது. ‘அதிகபட்சம் 1,000 ரூபாய்’ என்று எழுதினால் எல்லோரும் முழு ஆயிரத்தையும் கேட்பார்கள் என்றார் ஒருவர். ‘கிடைக்காது’ என்ற சொல்லை ஓர் அறக்கட்டளை அச்சிடுவது அழகல்ல, வந்தவரிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார் மூத்தவர் ஒருவர். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வந்த பிறகு பக்குவமாகச் சொல்வதற்கு அவர் ஒரு நாள் கூலியையும் வண்டிச் செலவையும் கொடுத்துவிட்டல்லவா வருகிறார்? தாளில் எழுதினால் அந்தச் செலவு மிஞ்சும். தொகையைப் பொறுத்தவரை, தாள் சோதனைக்குப் போன இந்த மாதங்களில் வந்தவர்கள் பெரும்பாலும் ஆன செலவைத்தான் கேட்டார்கள். பேருந்துச் சீட்டைக் காட்டி அறுநூறும் எழுநூறும் வாங்கிப் போனார்கள்.

‘கிடைக்காது’ என்ற பகுதியில் நான்கைந்து சொற்கள் போதும். மக்கள் அதிகமாகக் கேட்டு, நாம் அதிகமாகத் திருப்பி அனுப்பியவை எவை என்று பழைய வருகைப் பதிவேட்டைப் பார்த்தோம். அறுவை சிகிச்சைச் செலவு, கடன், திருமணச் செலவு, வேலை. இந்த நான்கையும் எழுதினோம்.

தேதி இல்லாத தாள் ஆபத்து

நல்ல தாள் கைமாறிப் போகும். போன பிறகு அதைத் திரும்பப் பெற முடியாது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா இரண்டாம் அலையின்போது ஆக்சிஜன், படுக்கை, மருந்து கிடைக்கும் இடங்கள் என்று எத்தனை பட்டியல்கள் நம் கைபேசிகளுக்கு வந்தன என்பது நினைவிருக்கும். நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அழைத்தால் சிலது எடுப்பதில்லை, சிலதில் “தீர்ந்து மூன்று நாளாச்சு” என்பார்கள். பட்டியல் பொய்யல்ல, பழையது. தன்னார்வலர்கள் பிறகு ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் சரிபார்த்த தேதியையும் நேரத்தையும் போடத் தொடங்கினார்கள். அந்த ஒரு பழக்கம் பல பேருடைய நேரத்தைக் காப்பாற்றியது.

நம்மிடமும் இது நடந்தது. சிறுபான்மையினருக்கான ஒன்றிய அரசின் பள்ளிப் படிப்பு உதவித்தொகைக்கு 1 முதல் 10-ஆம் வகுப்பு வரை விண்ணப்பம் எழுதித் தருவோம் என்று நம் கையேட்டில் இருந்தது. 2022 நவம்பரில் ஒன்றிய அரசு அதை 9, 10 வகுப்புகளுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டது. கையேட்டில் தேதி இல்லாததால், அதற்கு அடுத்த ஆண்டும் நாலாம் வகுப்புக் குழந்தையோடு ஒரு தாய் வந்தார். அவரிடம் என்ன சொல்வது?

ஆகவே புதிய தாளின் தலைப்புக்குக் கீழேயே எழுதிய தேதியும், எதுவரை செல்லும் என்ற தேதியும் இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஒன்றும் மாறாவிட்டாலும், புதிய தேதியோடு மறுபடி அச்சிடுவோம். உதவித்தொகைத் திட்டங்களின் பெயர்களையும் எடுத்துவிட்டோம். ‘கல்வி உதவித்தொகை விண்ணப்பம்’ என்று மட்டும் இருக்கிறது. எந்தத் திட்டம் இப்போது நடப்பில் இருக்கிறது என்று அலுவலகத்தில் பார்த்துச் சொல்வோம்.

தேதியும் தொலைபேசி எண்ணும் தாளுக்கு உள்ளேயே இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒன்றை மற்றவருக்கு அனுப்பும்போது முதலில் அனுப்பியவர் யார் என்பது மறைந்துவிடுகிறது. படத்துக்குக் கீழே நாம் தட்டச்சு செய்த குறிப்பும் சில சமயம் கூடப் போவதில்லை. நாலாவது கைக்குப் போகும்போது தாள் மட்டும்தான் மிஞ்சும்.

அச்சிலும் கைபேசியிலும்

சில சிறு விஷயங்கள், மற்ற ஜமாஅத்தார் எழுதுவதாக இருந்தால் பயன்படும். தாள் ஏ4 அளவு, ஒரு பக்கம் மட்டும். வெள்ளையில் கறுப்பு எழுத்து. பள்ளியிலும் சுகாதார நிலையத்திலும் அதை ஜெராக்ஸ் எடுப்பார்கள், அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுப்பார்கள். பச்சைப் பின்னணியில் இருந்த நம் பழைய எழுத்து இரண்டாவது பிரதியிலேயே கறுப்புப் பட்டையாகிவிட்டது.

டிடிபி கடையில் கொடுக்கும்போது யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்தால் அச்சில் சரியாக இருக்கும். அதே வரியை நகலெடுத்துக் கைபேசியில் ஒட்டினால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக வரும். எங்கள் முதல் தாள் அப்படித்தான் போனது. இப்போது ஒரே தாளை மூன்று வடிவில் வைத்திருக்கிறோம்: அச்சிட பிடிஎஃப், பார்க்கப் படம், நகலெடுத்து ஒட்ட வெறும் எழுத்து. மலையில் சிக்னல் குறைவான இடங்களில் படம் இறங்காது, வெறும் எழுத்து போய்ச் சேரும்.

ஒரு நிமிடச் சோதனை

எழுதி முடித்ததும் எங்களுக்கு அது மிகத் தெளிவாக இருந்தது. எழுதியவருக்கு எப்போதும் அப்படித்தான் இருக்கும். ஆகவே ஒரு செவிலியர், ஓர் ஆசிரியை, ஒரு மருந்துக் கடைக்காரர், நம் இமாம் ஹஜ்ரத் ஆகிய நால்வரிடம் தனித்தனியே கொடுத்தோம். ஒரு நிமிடம் ஆனதும் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஐந்து கேள்விகள் கேட்டோம். யாரை அனுப்பலாம்? என்ன கிடைக்கும்? என்ன கிடைக்காது? என்ன கொண்டுவர வேண்டும்? எங்கே, எப்போது?

முதல் தாளில் நால்வரும் ஒரே இடத்தில் தடுக்கினார்கள். ‘வருமான ஆதாரம் கொண்டுவரவும்’ என்று எழுதியிருந்தோம். நாம் நினைத்தது ரேஷன் கார்டை. ஆசிரியை நினைத்தது வட்டாட்சியர் தரும் வருமானச் சான்றிதழை. “அதற்கு இ-சேவை மையம் போய் விண்ணப்பித்து, நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் டாக்டர் சொன்ன தேதி போய்விடும். நான் அனுப்பமாட்டேன்” என்றார். இப்போது ‘ரேஷன் கார்டு போதும், வேறு சான்று வேண்டாம்’ என்று இருக்கிறது. மருந்துக் கடைக்காரர் அவசர நோயாளியையும் நம்மிடம் அனுப்பலாம் என்று புரிந்துகொண்டார். அதனால் கடைசி வரியில் 108 சேர்ந்தது. மூன்றாவது முறை எழுதிய தாளில்தான் நால்வரும் ஐந்துக்கும் சரியாகச் சொன்னார்கள். அந்தத் தாள் இது. அலுவலக முகவரியும் எண்ணும் உங்கள் கையிலுள்ள அச்சுத் தாளில் இருக்கின்றன.

சேவைத் தாள்
நாள்: 1.7.2025. இந்தத் தாள் 31.12.2025 வரை மட்டும் செல்லும்.

யாரை அனுப்பலாம்: கொல்லிமலையில் குடியிருக்கும், செலவுக்கு வழியில்லாத எவரையும். சாதி, சமயம் பார்ப்பதில்லை.

என்ன கிடைக்கும்:
1. மருத்துவப் பயணம். கீழே உள்ள அரசு மருத்துவமனைக்கு எழுதி அனுப்பப்பட்ட நோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் வண்டிச் செலவு, சாப்பாட்டுச் செலவு. ஒரு பயணத்துக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய், ஆண்டுக்கு 3 முறை. அன்றே கையில் தரப்படும்.
2. பள்ளிச் செலவு. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை. ஆண்டுக்கு ஒரு முறை, அதிகபட்சம் 2,000 ரூபாய். 15 நாளில் தரப்படும்.
3. விண்ணப்பம் எழுதித் தருதல். காப்பீட்டு அட்டை, முதியோர், விதவை உதவித்தொகை, கல்வி உதவித்தொகை. கட்டணம் இல்லை. முடிவு அரசுடையது.

என்ன கிடைக்காது: அறுவை சிகிச்சைச் செலவு, கடன், திருமணச் செலவு, வேலை.

கொண்டுவர வேண்டியது: ரேஷன் கார்டு. நோயாளி என்றால் மருத்துவர் எழுதிய சீட்டும். வேறு சான்று வேண்டாம்.

எப்போது: காலை 10 முதல் 1 வரை. வெள்ளி, ஞாயிறு விடுமுறை.

அனுப்பியவருக்கு: உங்கள் எண்ணைச் சீட்டில் எழுதி அனுப்பினால், ஆள் வந்து சேர்ந்தாரா என்று 3 நாளில் தெரிவிப்போம்.

உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் எங்களிடம் அனுப்பாமல் 108-ஐ அழையுங்கள்.

இதில் ‘அனுப்பியவருக்கு’ என்ற வரியைப் பற்றி ஒரு சொல். அனுப்பிய ஆளுக்கு என்ன ஆனது என்றே தெரியாவிட்டால், இரண்டு மூன்று முறைக்குப் பிறகு யாரும் அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள். அதே சமயம், எவ்வளவு கொடுத்தோம், ஏன் கொடுத்தோம் என்பது வந்தவருக்கும் நமக்கும் இடையிலான அமானிதம். ஆகவே வந்தாரா இல்லையா என்று மட்டும் சொல்வோம். அதற்கு மேல் கேட்டால் வருத்தப்படாதீர்கள், சொல்லமாட்டோம்.

இந்தத் தாளால் செய்ய முடியாததும் உண்டு. எழுத்து வாசிக்காதவருக்கு இது நேரே பயன்படாது, படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இரண்டு மூன்று பிரச்சினைகளோடு ஒன்றாக வருகிற குடும்பத்துக்கு, எது எங்கே தீரும் என்று ஒரு பக்கத்தில் எழுத முடியாது. அப்படிப்பட்டவரை அனுப்பும் முன் எங்களை ஒரு முறை அழைத்துவிடுங்கள்.

உங்களிடம் கேட்பது

உங்கள் கடையிலோ வீட்டிலோ பழைய வண்ணக் கையேடு இருந்தால் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். புதிய தாளில் ஒன்றைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், ஒன்றை உங்களிடம் மிளகு கொண்டுவரும் விவசாயிக்குக் கொடுங்கள். கைபேசியில் அனுப்ப வேண்டுமானால் அலுவலகத்திலிருந்து வந்த பிடிஎஃப்-ஐ அனுப்புங்கள். தாளைச் சாய்வாகப் படமெடுத்து அனுப்பினால் தேதி வெட்டுப்பட்டுப் போகிறது.

இன்னொன்று. உதவி கேட்டு வருகிறவரின் ரேஷன் கார்டையும் ஆதாரையும் மருத்துவச் சீட்டையும் படமெடுத்துக் குழுக்களில் போடுகிறார்கள் சிலர். நல்லெண்ணத்தில்தான். ஆனால் ஒரு பெண்ணின் நோயும் வறுமையும் இருநூறு பேர் கைபேசியில் கிடக்கிறது, அதை யாராலும் அழிக்க முடியாது. தாளை அவரிடம் கொடுத்து அவரையே அனுப்புங்கள். அவருடைய காகிதங்கள் அவர் கையிலேயே வரட்டும்.

டிசம்பர் முதல் வாரத்தில் அடுத்த தாளை எழுத உட்காருவோம், இன்ஷா அல்லாஹ். அதற்குள் இந்தத் தாளைப் படித்து யாராவது தவறாகப் புரிந்துகொண்டு வந்தாலோ, வராமல் போனாலோ, எந்த வரியால் அப்படி ஆனது என்று கேட்டு அலுவலகத்தில் சொல்லுங்கள். அந்த வரியை மாற்றுவோம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்